செய்யுளில் அழைப்பிதழ்: நேரமும் இடமும் தொலையாமல் எதுகை வைப்பது எப்படி?

"எதுகை மோனையோடு ஒரு அழைப்பிதழ் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது, வரிகள் எல்லாம் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்பதைத்தான். எழுதிக் கொடுப்பவர்களும் அப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள். வாருங்கள், தாருங்கள், சேருங்கள் என்று நான்கு வரி. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனை மணிக்கு, எந்த மண்டபத்துக்கு, என்ன உடுத்திக்கொண்டு என்று கேட்டால் அந்தப் பாட்டில் பதில் இருக்காது. கீழே கட்டம் போட்டுச் சிறிய எழுத்தில் அச்சிட்ட விவரத்தைத் தேட வேண்டும்.

"பாட்டு அழகுக்கு, விவரம் கட்டத்துக்கு" என்று பலரும் முடிவு செய்துவிட்டார்கள். பாட்டில் விவரம் சொன்னால் ஓசை கெட்டுவிடும் என்றும் நம்புகிறார்கள். தமிழைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. தமிழ்ச் செய்யுளின் ஓசை அமைப்பே நாளையும் நேரத்தையும் தூக்கிக் காட்டுவதற்கு ஏற்றதாக இருக்கிறது. எதுகை உட்காரும் இடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான் விவரம் பாட்டுக்கு வெளியே போய்விட்டது.

முதலில், தவறிப்போகும் ஒரு பாட்டு

இந்த நான்கு வரிகளைப் பாருங்கள். வழக்கமாகப் பார்க்கிற பாணியில் நானே எழுதியது.

மாலை மயங்கும் வேளையிலே
மல்லிகை மணக்கும் சோலையிலே
அழகாய் உடுத்தி வாருங்கள்
அன்பாய் வாழ்த்துத் தாருங்கள்

மாலை மயங்கும் வேளை என்பது ஐந்தரையா, ஏழா? சோலை என்றால் மண்டபத் தோட்டமா, யாராவது ஒருவருடைய தோப்பா? அழகாய் உடுத்துவது பட்டுப் புடவையா, சுடிதாரா? எதுவும் தெரியாது. நேரம், இடம், உடை மூன்றையும் தொட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது, ஆனால் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

காரணம் எளிது. எழுதியவர் முதலில் முடிவைத் தேடியிருக்கிறார். "வேளையிலே" என்று வைத்ததும் அதற்கு இணையாகச் "சோலையிலே" வந்துவிட்டது. நிகழ்ச்சி நடக்கும் இடம் சோலையாக இல்லாவிட்டாலும் ஓசைக்காகச் சோலையாகிவிட்டது. விவரத்தை ஓசை தேர்ந்தெடுத்துவிட்டது என்று சொல்லலாம்.

எதுகை, மோனை, இயைபு

இந்த மூன்று சொற்களும் தெளிவானால் மீதி எளிது. அதற்கு முன் இரண்டு சின்னச் சொற்கள். செய்யுளின் ஒரு வரிக்கு அடி என்று பெயர். அடிக்குள் நாம் இடைவெளி விட்டுப் படிக்கிற ஒவ்வொரு துண்டும் சீர். நம் தேவைக்கு, சீர் என்பது ஏறத்தாழ ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் போதும்.

எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது. ஓர் அடியின் முதற்சொல்லில் உள்ள இரண்டாம் எழுத்தும், அடுத்த அடியின் முதற்சொல்லில் உள்ள இரண்டாம் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து, முத்து, அத்தை மூன்றிலும் இரண்டாம் எழுத்து "த்". இன்னொரு நிபந்தனையும் உண்டு. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும்: குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குக் கட்டு இணையாகும், பாட்டு இணையாகாது. சொல்லிப் பாருங்கள், காதே வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

மோனை என்பது முதலெழுத்து ஒன்றிவருவது. பெரும்பாலும் ஒரே அடிக்குள் அமையும். அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம். இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம். உ, ஊ, ஒ, ஓ இன்னொரு கூட்டம். மெய்யெழுத்துகளில் ச-த, ஞ-ந, ம-வ ஆகியவை தமக்குள் இணையாகும். "தேர்" என்ற சொல்லுக்குத் "தெரு" மோனையாவது இதனால்தான்.

இயைபு என்பது அடிகளின் முடிவு ஒன்றிவருவது. வாருங்கள்-தாருங்கள் இயைபு. இதைத்தான் பேச்சில் "எதுகை மோனை" என்று சொல்லிவிடுகிறோம்.

ஆக, தமிழில் எதுகை அடியின் தலையில் வரும், இயைபு அடியின் வாலில் வரும். அழைப்பிதழின் விவரம் தொலைவதும் தங்குவதும் இந்த இடத்தைப் பொறுத்துத்தான்.

தலையில் எதுகை வைப்பதால் என்ன லாபம்?

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். அழைப்பிதழில் அந்தக் கடைசிச் சொல் எப்போதும் வாருங்கள், வாழ்த்துங்கள், மகிழ்கிறோம் வகைதான். வந்திருப்பது அழைப்பு என்று தெரிந்த பிறகு இந்தச் சொற்களில் புதிய செய்தி எதுவும் இல்லை. வாலில் ஓசை சேர்ப்பவர், செய்தியே இல்லாத சொற்களைத்தான் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். "-இலே", "-ங்கள்" என்ற விகுதி தானாகவே ஒத்துப்போகும் என்பதால் அது எளிதும்கூட. அந்த எளிமைதான் எழுதுபவரை இழுத்துவிடுகிறது.

அடியின் தலையில் நிற்பது வேறு வகைச் சொல். கிழமை, எண், ஊர், துணியின் நிறம் எல்லாம் விகுதி ஒட்டாமல் முழுசாக அங்கே நிற்க முடியும். ஞாயிறு, பத்து, தேரடி, பச்சை. காது எதுகையை எதிர்பார்த்துக் கூர்மையாக இருக்கிற இடத்தில் இந்தச் சொல் விழுந்தால் அது மனதில் தங்கிவிடும். திருக்குறளை முதல் சொல்லை வைத்தே நினைவுக்குக் கொண்டுவருகிறோமே, அதே வழிதான்.

எழுதும் முறையைப் புள்ளிக் கோலத்தோடு ஒப்பிடலாம். முதலில் புள்ளியை வைத்துவிடுகிறோம், அப்புறம் அதை நகர்த்துவதில்லை. வளைவதெல்லாம் கோடுதான். அழைப்பிதழில் கிழமை, மணி, தெரு, உடை நான்கும் புள்ளிகள். அவற்றுக்கு எதுகையாக வரும் சொல், இடையில் வரும் வருணனை, வினை எல்லாம் கோடு. வளைய வேண்டியது அவைதான்.

சுருக்கமாக: விவரச் சொல்லை அடியின் தலையில் நிறுத்துங்கள். அதன் இரண்டாம் எழுத்தைப் பார்த்து அதற்கு ஓர் இணை தேடுங்கள். விவரத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

பழைய சான்று ஒன்று

செய்யுளில் தெளிவாகச் செய்தி அனுப்புவது தமிழுக்குப் புதிதல்ல. பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் திருமுகப் பாசுரம் என்று ஒரு செய்யுள் இருக்கிறது. மதுரை ஆலவாய் இறைவன், யாழிசைக் கலைஞர் பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதிய கடிதம் என்பது மரபு. அதன் முதல் அடி "மதிமலி" என்றும் இரண்டாம் அடி "பதிமிசை" என்றும் தொடங்குகின்றன. மதி, பதி என்று எதுகை விழும் அந்த இரண்டு அடிகளிலேயே, மதுரையின் இன்னொரு பெயரான கூடல் என்று அனுப்புநரின் ஊர் வந்துவிடுகிறது. பிறகு அனுப்புபவர் யார், யாருக்கு, கொண்டுவருபவர் யார் என்று வரிசையாக வரும். முடிவில் "காண்பது கருதி" அவர் வந்திருக்கிறார், "மாண்பொருள் கொடுத்து" அனுப்பிவையுங்கள் என்று வேண்டுகோள். காண்-மாண் என்ற எதுகையில் கடிதத்தின் நோக்கமே உட்கார்ந்திருக்கிறது. நல்ல கடிதத்துக்கு வேண்டிய எல்லாமே அந்தச் சில அடிகளுக்குள் இருக்கின்றன, ஓசையும் குறையவில்லை.

ஒரு வளைகாப்பு அழைப்பை எழுதிப் பார்ப்போம்

விவரங்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். 2027 மே 9, ஞாயிற்றுக்கிழமை. வளையல் பூட்டும் நேரம் காலை 10 முதல் 11.30 வரை. 12 மணிக்குச் சாப்பாடு. இடம் தேரடித் தெருவில் உள்ள வீடு, மாடியில் பந்தல். பெண்களுக்குப் பச்சைப் புடவை, ஆண்களுக்கு வேட்டி.

முதல் புள்ளி ஞாயிறு. முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து "யி". தாயின், சேயின், கோயில், வாயில், ஆயிரம் எல்லாம் இணையாகும். வளைகாப்புக்குச் சேய் பொருத்தமாக வந்து விழுகிறது.

சேயினைச் சுமக்கும் எங்கள் செல்ல மகளுக்கு
ஞாயிறு மே ஒன்பது நடக்கும் வளைகாப்பு

சே-செ மோனை, ஞா-ந மோனை இரண்டும் அமைந்துவிட்டன. என்ன விழா, யாருக்கு, என்றைக்கு என்பது இரண்டே அடிகளில் முடிந்தது.

அடுத்த புள்ளி பத்து. இதற்கு இணை முத்து, கொத்து, அத்தை, சித்தி என்று நிறைய இருக்கின்றன. வளையலோடு சேர்வது முத்து.

முத்து வளையல் பூட்டும் முகூர்த்தம் காலை
பத்து முதல் பதினொன்றரை, பந்தி பன்னிரண்டுக்கு

இந்த இரண்டாம் அடியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் திருமண அழைப்பிதழ்களில் "9.00 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்று நேரத்துக்கு இரண்டு எல்லை கொடுப்பது வழக்கம். செய்யுளாக எழுதும்போது பலர் அதைக் கைவிட்டு, "பத்து மணி" என்று மட்டும் சொல்லிவிடுகிறார்கள். அப்போது பத்துக்குத் தொடக்கமா, பத்துக்குள் முடிகிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். இரண்டு எல்லையும் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை. நல்ல வேளையாகப் பத்து, பதினொன்றரை, பந்தி, பன்னிரண்டு நான்கும் "ப"வில் தொடங்குவதால் மோனையே அவற்றை வரிசையாகக் கோத்துவிடுகிறது. சாப்பாட்டு நேரம் சொல்வதை அலங்காரமாக நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து வருபவர்கள் பேருந்து நேரத்தைக் கணக்குப் போடுவது அதை வைத்துத்தான்.

மூன்றாவது புள்ளி இடம். தேரடி என்றதும் தெரு, தெற்கு என்று மோனைகள் முன்னால் வந்து நிற்கும். "தேரடித் தெருவில் தெற்குப் பார்த்த வீடு" என்று எழுதத் தோன்றும். ஓசை அருமை, ஆனால் இடம் தெரியாது. தெரு கிழக்கு மேற்காகப் போனால் ஒரு பக்கத்து வீடுகள் அத்தனையும் தெற்குப் பார்த்தவைதான். மோனை வைக்கும் பொறி இது. சொல் உண்மையாகவும் இருக்கும், ஓசையும் ஒத்திருக்கும், ஆனால் ஒரே ஒரு வீட்டைச் சுட்டாது. இந்தத் தெரு வடக்கு தெற்காகப் போகிறது, நம் வீடு அதன் கடைசியில் என்றால் இப்படி எழுதலாம்:

தேரடித் தெருவின் தென்கோடிக் கடைசி வீடு
நேரே மாடி ஏறுங்கள், நிழற்பந்தல் அங்கே

தே-நே நெடிலுக்கு நெடில், இரண்டாம் எழுத்து "ர", "ரே". உயிர் மாறினாலும் மெய் ஒன்றாக இருப்பதால் காது ஏற்றுக்கொள்ளும். இங்கே "ஏறி" என்று அடியைத் தொடங்கினால் எதுகை கெட்டுவிடும். பேச்சில் ர-வும் ற-வும் நெருங்கிவிட்டாலும் செய்யுளில் அவை வேறு எழுத்துகள். ல, ள, ழ மூன்றும் அப்படித்தான். மேலே தவறிப்போன பாட்டில் வேளைக்குச் சோலையை இணையாக வைத்ததும் இதே வகைக் குறைதான்.

உடையை எப்படிச் சொல்வது?

கடைசிப் புள்ளி பச்சை. இணைகள் இச்சை, உச்சி, மெச்ச, அச்சம். மே மாத வெயிலுக்கு உச்சி பொருந்தும்.

பச்சைப் புடவை பெண்களுக்கு, பட்டோ பருத்தியோ
உச்சி வெயிலுக்கேற்ப ஆண்கள் உடுத்துக வேட்டி

உடை விஷயத்தில் தெளிவும் கனிவும் இரண்டும் வேண்டும். "பச்சைப் புடவை" என்று மட்டும் சொன்னால், பச்சையில் பட்டு இல்லாத உறவினர் ஒருவர் புதிதாக வாங்க வேண்டுமோ என்று தயங்குவார். "பட்டோ பருத்தியோ" என்ற இரண்டு சொல் அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடும். "பாரம்பரிய உடை" என்று எழுதுவதை நான் விரும்புவதில்லை. பாவாடை தாவணியா, புடவையா, வேட்டியா, குர்தாவா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். துணியின் பெயரைச் சொல்லுங்கள், நிறத்தைச் சொல்லுங்கள், போதும்.

விதிவிலக்குகளைச் செய்யுளுக்குள் திணிக்க வேண்டாம். பச்சை இல்லாதவர்கள் மஞ்சள் உடுத்தலாம், குழந்தைகளுக்கு எதுவும் சரி என்பதெல்லாம் கீழே உரைநடையில் வரட்டும். வீட்டு எண், தொலைபேசி எண், ஆண்டு ஆகியவையும் அங்கேதான். எண்களைப் பாட்டில் எழுத்தாக்கினால் யாருக்கும் பயன்படாது.

09.05.2027 ஞாயிறு, காலை 10.00 – 11.30. மதிய உணவு 12.00.
வீட்டு எண், தெரு, ஊர், தொடர்பு எண்.
பச்சை இல்லாதவர்கள் மஞ்சள் உடுத்தலாம்.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: நினைவில் நிற்க வேண்டியது பாட்டில், கையில் வைத்துப் பார்க்க வேண்டியது உரைநடையில். இரண்டிலும் கிழமையும் மணியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முறை நேரம் மாறினால் இரண்டு இடத்திலும் மாற்ற மறக்கக் கூடாது.

இணை கிடைக்காத சொற்கள்

எல்லாக் கிழமையும் ஞாயிறு போல வசதியாக அமையாது. வெள்ளிக்குத் துள்ளி, புள்ளி, அள்ளி உண்டு. சனிக்கு இனி, தனி, கனி உண்டு. திங்களுக்கு எங்கள், உங்கள் இரண்டும் அழைப்பிதழுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. வியாழன்தான் சங்கடம். குறிலுக்குப் பிறகு "யா" வரும் சொற்கள் குறைவு. மணிகளில் எட்டுக்குப் பட்டும் ஆறுக்குப் பேறும் ஏழுக்கு வாழும் சூழும் எளிதாக வரும். ஐந்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஐ நெடில் என்பதால் "வந்து" சரியாக உட்காராது. ஏந்தி, மாந்தர் போன்ற சொற்களைத் தேட வேண்டும்.

இப்படி மாட்டிக்கொண்டால் அந்தச் சொல்லை எதுகை இடத்திலிருந்து எடுத்து, அடியின் நடுவில் மோனையாக வையுங்கள். "விருந்து வியாழன்" என்றாலே இரண்டு வி-யும் சேர்ந்து கிழமையைத் தூக்கிக் காட்டிவிடும். எதுகை கிடைக்கவில்லை என்று வியாழனைக் "குருவின் நாள்" என்று எழுதினால், பாட்டு பிழைத்துவிடும், நாலு பேர் வேறு நாளில் வந்து நிற்பார்கள்.

வெண்பா, விருத்தம் என்ற யாப்பு வரம்பு இதற்குக் கட்டாயமில்லை. மேலே உள்ள எட்டு அடிகளிலும் அடிக்கு ஐந்து சீர் என்ற ஒழுங்கு மட்டும் இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது நடை தடுமாறாமல் இருக்க அது போதும்.

அனுப்புவதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதல் சோதனை காதுக்கு. விழாவைப் பற்றித் தெரியாத ஓர் உறவினரைத் தொலைபேசியில் அழைத்து, பாட்டை மட்டும் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். கீழே உள்ள உரைநடையைப் படிக்க வேண்டாம். பிறகு என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே, என்ன உடுத்த வேண்டும் என்று கேளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, தேரடியில் கடைசி வீடு, பச்சைப் புடவை. வடக்குக் கடைசியா, தெற்குக் கடைசியா அத்தை?" என்று பதில் வந்தால், "தென்கோடி" காதில் சரியாக விழவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அந்த ஓரிடத்தில் மட்டும் "தென்கோடிக் கடைசி" என்பதைத் "தெற்குக் கோடி" என்று திருத்தினால் போதும், மோனையும் சீர்க்கணக்கும் மாறாது. அவர் தடுமாறுகிற இடம்தான் திருத்த வேண்டிய இடம். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

இரண்டாவது சோதனை கைபேசித் திரைக்கு. இப்போது அழைப்பிதழ் பெரும்பாலும் வாட்ஸப்பில்தான் போகிறது. ஐந்து சீர் கொண்ட அடி குறுகிய திரையில் இரண்டாக மடியும். மடிந்தால் "பன்னிரண்டுக்கு" என்ற சொல் ஒரு புது வரியின் தலையில் போய் நிற்கும். முத்து-பத்து எதுகையும் கண்ணுக்குத் தெரியாது, பன்னிரண்டு மணிக்குத்தான் விழா என்றும் சிலர் படித்துவிடுவார்கள். உங்கள் கைபேசிக்கே ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். மடிகிறதென்றால் ஒவ்வோர் அடியையும் மூன்றாம் சீருக்குப் பின் நீங்களே உடைத்து, இரண்டாம் துண்டைச் சற்று உள்தள்ளி எழுதுங்கள். அப்போது எதுகைச் சொற்கள் மட்டும் இடது ஓரத்தில் ஒரே நேராக நிற்கும்.

படமாக அனுப்பினால் மடிப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் படத்திலிருந்து முகவரியை நகலெடுத்து வரைபடத்தில் போடுவது எளிதல்ல, கண்பார்வை குறைந்தவர்களுக்குக் கைபேசி அதை வாசித்துக் காட்டுவதும் கடினம். அதனால் படத்தோடு அதே பாட்டையும் அந்த மூன்று உரைநடை வரிகளையும் எழுத்தாகவும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.